விடைத்தாளில் அந்த விடை எங்கே?

கேள்வி: "நான் எழுதிய சிறுகதையில் ஒரு அறிவியல் ஆசிரியை நள்ளிரவில், கொட்டும் மழையில், வீட்டில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுத் தாள்களைத் திருத்துகிறார். களைத்துப்போன நேரத்தில் ஒரு மாணவியின் அற்புதமான விடையைப் படித்துக் கண்கலங்குகிறார். படித்தவர்கள் 'மனசில் ஒட்டவில்லை' என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?"
– ஒரு வாசகி, குலசேகரம்

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பொதுத்தேர்வுத் தாள் யார் வீட்டுக்கும் வராது. மதிப்பீட்டு முகாமில் பகலில்தான் திருத்துவோம், தாளில் பிள்ளையின் பெயரும் இருக்காது. கதையை அரையாண்டுத் தேர்வுக்கு மாற்றுங்கள். அப்போதுதான் கட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று ஆசிரியைக்குத் தெரியும்.

ஆனால் கதை ஒட்டாததற்குக் காரணம் அதுவல்ல. 'அற்புதமான விடை' என்று நீங்கள் சொல்கிறீர்கள், அந்த விடையை எங்களுக்குக் காட்டவே இல்லை. ஆசிரியை அழுகிறார், நாங்கள் வெளியே நிற்கிறோம். அந்த நாலு வரியை நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கான பொருள் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

'நீராவிப்போக்கு என்றால் என்ன?' என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியை இந்த ஒரு கேள்வியை மட்டும் எல்லாத் தாளிலும் முதலில் திருத்துகிறார். பலர் அப்படித்தான் செய்வோம், மதிப்பெண் ஒரே சீராக இருக்கும். இருபது தாள் தாண்டியதும் கண் படிப்பதை நிறுத்திவிடும். 'இலைத்துளை', 'நீர்', 'ஆவி' என்று சொற்களை மட்டும் தேடும். மூன்றும் இருந்தால் சிவப்பில் ஒரு 'டிக்', அடுத்த தாள். களைப்பு என்று நீங்கள் எழுத வேண்டியது இதைத்தான். கொட்டாவியும் ஆறிய தேநீரும் எல்லாக் கதையிலும் வந்துவிட்டன.

இப்போது அந்தத் தாள் வருகிறது:

"எங்க அப்பா ரப்பர் பால் வெட்ட மூணரை மணிக்கே போவாங்க. ஏன் இருட்டுல போறீங்கன்னு கேட்டேன். வெயில் ஏறினா பால் சீக்கிரம் நின்னுரும்னு சொன்னாங்க. பகல்ல இலை வழியா தண்ணி போயிருது, மரத்துக்கு உள்ள அழுத்தம் குறைஞ்சிருது. ராத்திரி தண்ணி ரொம்ப போகாது, மரம் நிறைஞ்சு நிக்கும். அதான் அப்பா அப்ப வெட்டுறாங்க."

இதில் 'இலைத்துளை' இல்லை, 'ஆவி' இல்லை, பாடப்புத்தக வரையறை இல்லவே இல்லை. சொல் தேடும் கண் இதற்குப் பூஜ்யம் போட்டுவிடும். உங்கள் ஆசிரியையும் போடட்டும். போட்டுவிட்டு இரண்டு தாள் தள்ளிப் போன பிறகு 'நிறைஞ்சு நிக்கும்' என்ற சொல் மட்டும் மனதில் நிற்க, அவர் திரும்பி வரட்டும். நான் இந்த இடத்தில்தான் கதையை அதிக நேரம் நிறுத்துவேன்.

ஏனென்றால் அந்தப் பிள்ளை எழுதியது சரி. விடியலுக்கு முன்னால் மரத்தின் செல்களில் விறைப்பழுத்தம் மிக அதிகமாக இருக்கும், அதனால்தான் வெட்டிய பட்டையிலிருந்து பால் நன்றாக வடிந்து சிரட்டையில் விழும். வெயில் ஏறி நீராவிப்போக்கு கூடக்கூட அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். பாடத்தில் வேறு வேறு பக்கத்தில் இருக்கும் இரண்டு விஷயங்களை ஒரு பெண், அப்பா சொன்ன ஒற்றை வரியை வைத்து, தானே இணைத்துவிட்டாள்.

உங்கள் மழைக்கும் இங்கே வேலை வருகிறது. பட்டை நனைந்திருந்தால் வெட்ட மாட்டார்கள். பால் சிரட்டைக்குப் போகாமல் மரத்தில் பரவி வழிந்துவிடும். மரத்துக்குப் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டிய தோட்டத்தில் மட்டும்தான் மழைக்காலத்திலும் ஓரளவு வேலை நடக்கும். ஆகவே, அன்று இரவு அப்பா வேலைக்குப் போக வேண்டுமானால் மழையை நீக்குங்கள். மழை கட்டாயம் வேண்டும் என்றால், கூலி இல்லாத அந்த வீடும் கதைக்குள் வந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிப்ரவரிக்கும் தள்ளாதீர்கள், அப்போது மரம் இலை உதிர்க்கும், பல தோட்டங்களில் வெட்டு நிற்கும். டிசம்பர் அரையாண்டு சரியாகப் பொருந்துகிறது.

அப்புறம், மதிப்பெண். கேள்விக்கு இரண்டுதான், அதற்கு மேல் அவரால் கொடுக்க முடியாது. வரையறை கேட்ட கேள்விக்கு வரையறை எழுதாத பிள்ளைக்கு இரண்டும் கொடுக்கலாமா என்று அவர் யோசிக்கட்டும், பக்கத்துத் தாளில் மனப்பாடமாக எழுதி இரண்டு வாங்கிய பிள்ளையும் நினைவுக்கு வரட்டும். கண்ணீரைவிட இந்தத் தயக்கத்தை நான் நம்புவேன்.

கண்ணீரை எடுத்துவிட்டால் முடிவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் எழுதினால் இப்படி: பூஜ்யத்தை அடித்து இரண்டு போடுகிறார். ஓரத்தில் சிவப்பு மையில், தனக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதுகிறார்: 'வெட்டின இடத்தில் பால் தானாக நிற்பது எப்படி? அப்பாவிடம் கேட்டு வா.' வெளியே சாலையில் தோட்டத்துக்குப் போகும் முதல் பைக்கின் சத்தம் கேட்கிறது.