2,000 ரூபாய் வரம்பு, 41,300 ரூபாய் பில்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டையொட்டி நைட்டி, சுடிதார் மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையின் இணையதளத்தை அக்கா மகன் ஒரு கிளவுட் கணக்கில் வைத்துக் கொடுத்தான். மாதம் 300, 400 ரூபாய்தான் வரும். 2,000 ரூபாய் என்று பட்ஜெட் வரம்பும் வைத்திருந்தோம். தீபாவளிச் சரக்கைக் காட்டும் 120 எம்பி வீடியோ ஒன்றை வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு ஏற்றி, வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் போட்டோம். அது எங்கெங்கோ பரவிவிட்டது. சனிக்கிழமை மதியம் 1 மணிக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருக்கிறது. திங்கள் காலை 7 மணிக்குத்தான் அதைப் பார்த்து வீடியோவை எடுத்தோம். 3,600 ஜிபி டேட்டா வெளியே போனதாகச் சொல்லி, அதற்கு மட்டும் 41,300 ரூபாய் போட்டிருக்கிறார்கள். வரம்பைத் தாண்டியதும் ஏன் நிற்கவில்லை? இனி நிற்க வைக்க என்ன வழி?

பதில்: நீங்கள் வைத்தது வரம்பு அல்ல, ஓர் எச்சரிக்கை மணி. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றின் கிளவுட் கணக்குகளிலும் பட்ஜெட் என்ற பெயரில் இருப்பது, குறிப்பிட்ட தொகை வந்ததும் தகவல் சொல்லும் வசதி மட்டுமே. தனியாக ஏற்பாடு செய்யாதவரை, தொகையைத் தாண்டினாலும் தானாக எதையும் நிறுத்தாது. பட்ஜெட் என்ற சொல்லைப் பார்த்து உங்களைப் போல் நம்பிவிடுகிறவர்கள் ஏராளம். அந்தப் பெயரே வாங்குபவரைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்த மணியும் உடனே அடிப்பதில்லை. நம் வீட்டு மின் மீட்டர் நொடிக்கு நொடி ஓடுகிறது. கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். கிளவுடிலும் ஓடுவது ஒன்று, கணக்கெடுப்பது வேறு. அமேசானில் பட்ஜெட்டுக்கான செலவுக் கணக்கு ஒரு நாளில் அதிகபட்சம் மூன்று முறை புதுப்பிக்கப்படும். ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் பொதுவாக 8 முதல் 12 மணி நேரம் ஆகும். மைக்ரோசாஃப்டின் அஷூரில் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை. கூகுளிலும் செலவு நடப்பதற்கும் தகவல் வருவதற்கும் இடையே தாமதம் உண்டு.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். நிறுவனம் எது என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே அமேசானின் மும்பை மைய விலையை வைத்துக் கணக்குப் போடுகிறேன். அங்கே மாதம் 100 ஜிபி வரை வெளியே போகும் டேட்டா இலவசம். அதற்கு மேல் ஒரு ஜிபிக்கு சுமார் 11 அமெரிக்க சென்ட். நம் பணத்தில் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளி மாலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை 60 மணி நேரம். 3,600 ஜிபியும் ஒரே சீராகப் போனதாகக் கொண்டால் மணிக்கு 60 ஜிபி. வீடியோ முழுதாக 30,000 முறை ஓடிய அளவு அது. 3,500 ஜிபிக்கு 35,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 6,300 ரூபாய், ஆக 41,300. உங்கள் பில்லோடு ஒத்துப்போகிறது.

இப்போது நேரத்தைப் பாருங்கள். 2,000 ரூபாய் என்பது வெள்ளி நள்ளிரவிலேயே தாண்டிவிட்டது. மின்னஞ்சல் 13 மணி நேரம் கழித்து வந்தபோது, வரி சேர்க்காமல் 9,800 ரூபாய் ஓடியிருந்தது. மீதி 25,200 ரூபாய், மின்னஞ்சல் வந்த பிறகு யாரும் அதைப் பார்க்காத 42 மணி நேரத்தில் போனது. ஆக இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாக அடைக்க வேண்டும்.

பெரிய ஓட்டைக்கு வழி எளிது. அமேசானில் ஒரு பட்ஜெட் எச்சரிக்கையைப் பத்து மின்னஞ்சல் முகவரிகள் வரை அனுப்பச் சொல்லலாம். உங்களுக்கு, அக்கா மகனுக்கு, ஞாயிற்றுக்கிழமையும் கைப்பேசியைப் பார்க்கிற ஒருவருக்கு என்று மூன்று பேருக்காவது போகட்டும். அந்த எச்சரிக்கை மின்னஞ்சலுக்குக் கைப்பேசியில் தனி ஒலி வைத்துவிடுங்கள். மாதத்துக்கு 2,000 என்பதோடு, நாளுக்கு 100 ரூபாய் என்று இன்னொரு பட்ஜெட்டும் வையுங்கள். வழக்கமாக நாளுக்குப் பதினைந்து ரூபாய்கூட ஆகாத கணக்கில் 100 என்பதே பெரிய சத்தம்.

ஆனால் இதெல்லாம் தாமதத்தைக் குறைக்காது. அதற்குப் பணத்தைப் பார்ப்பதை விட்டு அளவைப் பார்க்க வேண்டும். எத்தனை ஜிபி வெளியே போகிறது என்ற எண்ணிக்கை சில நிமிடங்களிலேயே கிடைத்துவிடும். அமேசானில் கோப்புகளைச் சேமிக்கும் இடமான எஸ்3 பக்கெட்டில் வீடியோவை வைத்திருந்தால், அந்தப் பக்கெட்டுக்கு கோரிக்கை அளவீடுகளை இயக்கச் சொல்லுங்கள். தானாக இயங்காது, சிறு கட்டணமும் உண்டு. பிறகு அளவீடுகளைக் கண்காணிக்கும் கிளவுட்வாட்ச் பகுதியில் `BytesDownloaded` என்ற அளவீட்டின் மேல் ஓர் அலாரம் வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் 1 ஜிபிக்கு மேல், தொடர்ந்து மூன்று முறை போனால் அடிக்கட்டும். அந்த வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடத்துக்கு 5 ஜிபி போய்க்கொண்டிருந்தது. இந்த அலாரம் இருந்திருந்தால் இரவு ஏழரை மணிக்குள் அடித்திருக்கும். அப்போது போயிருக்கக்கூடியது 30 ஜிபி, இலவச அளவுக்குள்ளேயே.

அடித்ததும் யார் கதவைச் சாத்துவது? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அமேசான் பட்ஜெட்டில் நடவடிக்கை என்று ஒரு வசதி உண்டு. அது கணக்கில் உள்ளவர்களின் அனுமதியைக் கட்டுப்படுத்தும். ஓடுகிற ஈசி2 சர்வர்களையும் ஆர்டிஎஸ் தரவுத்தளங்களையும் நிறுத்தும். கேட்பதற்கு முழுமையாக இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது ஒன்றையும் தடுத்திருக்காது. வீடியோவை இறக்கியவர்கள் உங்கள் கணக்கில் உள்ளவர்கள் அல்ல, வெளியாட்கள். வீடியோ போனதும் சர்வர் வழியாக அல்ல, பக்கெட்டிலிருந்து நேராக. சர்வரை நிறுத்தினாலும் பக்கெட் பரிமாறிக்கொண்டே இருக்கும். செலவு எந்தக் குழாய் வழியாக ஒழுகுகிறதோ அந்தக் குழாயின் வால்வைத்தான் மூட வேண்டும். பொதுமக்களுக்குத் திறந்து வைத்த பக்கெட்டுக்கு அந்த வால்வு இது:

```
aws s3api put-public-access-block --bucket BUCKET-NAME \
  --public-access-block-configuration \
  BlockPublicAcls=true,IgnorePublicAcls=true,BlockPublicPolicy=true,RestrictPublicBuckets=true
```

அக்கா மகன் இதைக் கையால் இயக்கலாம். அலாரம் அடித்ததும், அமேசானிலேயே தேவைப்படும்போது மட்டும் ஓடும் ஒரு லாம்டா நிரல் இதே வேலையைத் தானாகச் செய்யும்படியும் அமைக்கலாம். அந்த நிரலுக்கு இதைச் செய்யும் அனுமதியைக் கொடுக்க மறக்கக் கூடாது. எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. இது பக்கெட் முழுவதையும் மூடிவிடும். சரக்குப் படங்களும் அதே பக்கெட்டில் இருந்தால் அவையும் மறையும், அதனால் வீடியோவைத் தனிப் பக்கெட்டில் வையுங்கள். பக்கெட்டுக்கும் பார்ப்பவருக்கும் இடையில் கோப்புகளை விநியோகிக்கும் கிளவுட்ஃபிரண்ட் வைத்திருந்தால் இந்தக் கட்டளையை நம்ப முடியாது. அங்கே அந்த விநியோகத்தையே முடக்க வேண்டும்.

தானாக மூடுவதற்கு ஒரு விலை உண்டு. ஐந்து நிமிடத்தில் 1 ஜிபி என்பது எட்டுப் பேர் வீடியோவை முழுதாகப் பார்ப்பதுதான். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் உண்மையான வாடிக்கையாளர்களே அந்த அளவைத் தாண்டலாம், அப்போது கடைக்கதவு அவர்கள் முகத்தில் சாத்தப்படும். ஆகவே அந்த அளவில் தகவல் மட்டும் வரட்டும். மணிக்கு 20 ஜிபி போனால், அதாவது மணிக்கு 200 ரூபாய் என்ற வேகம் வந்தால், தானாக மூடட்டும். எந்த வேகத்தை உங்கள் வியாபாரம் தாங்கும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நிரல் எழுதுபவர் அல்ல.

நிறுவனங்களே ஏன் உண்மையான வரம்பு தருவதில்லை என்றால், அவர்கள் சொல்லும் காரணத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சேமித்து வைத்திருப்பதற்கும் கட்டணம் ஓடுகிறது. பணம் முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்துவதென்றால் உங்கள் கோப்புகளை அழிக்க வேண்டிவரும். இருந்தாலும் வெளியே போகும் டேட்டாவுக்கு மட்டும் ஒரு பூட்டு தர முடியாதா என்ற கேள்விக்கு அந்தக் காரணம் பதிலாகாது. உண்மையான வரம்பு இலவசத் திட்டங்களில் இருக்கிறது. அமேசானில் 2025 ஜூலை 15 முதல் தொடங்கும் இலவசத் திட்டக் கணக்கில் பில் வராது. கிரெடிட் தீர்ந்தாலோ ஆறு மாதம் முடிந்தாலோ கணக்கு மூடப்படும். அஷூரின் இலவசக் கணக்கிலும் செலவு வரம்பு உண்டு, ஆனால் பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டும் திட்டத்துக்கு மாறிய கணமே அது போய்விடும்.

உங்கள் கடைக்கு நான் சொல்வது, வீடியோவை அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாக ஏற்றித் தளத்தில் பொருத்தினால், எத்தனை பேர் பார்த்தாலும் உங்களுக்குச் செலவில்லை. படங்களும் பக்கங்களும் மட்டும்தான் என்றால் மாதக் கட்டணம் நிலையான ஹோஸ்டிங் போதும். வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டேட்டா அளவு முடிந்தால் தளத்தை நிறுத்துவீர்களா, கூடுதல் பில் போடுவீர்களா? நிறுத்துவோம் என்பவரிடம் வாங்குங்கள்.

கட்டிய பணத்துக்காக, கணக்கின் உதவிப் பகுதியில் பில்லிங் பிரிவில் முறையிடுங்கள். அமேசானில் இதற்குக் கட்டண ஆதரவுத் திட்டம் தேவையில்லை. முந்தைய மாத பில்கள், வீடியோவை ஏற்றிய நேரம், எடுத்த நேரம், இப்போது வைத்துள்ள அலாரம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அறியாமல் நடந்த முதல் சம்பவத்துக்கு ஒரு பகுதியையோ முழுவதையுமோ விட்டுக்கொடுப்பதுண்டு, கட்டாயமில்லை. ஓட்டையை அடைத்துவிட்டு எழுதினால்தான் கேட்பார்கள்.

கேள்வி: திருவொற்றியூரில் கல்லூரியில் படிக்கிறேன். பயிற்சிக்காக கிளவுட் கணக்கு தொடங்கினேன். டெபிட் கார்டில் இணையச் செலவு வரம்பை 500 ரூபாய் என்று குறைத்துவிட்டேன். இது போதும்தானே?

பதில்: போதாது. கார்டு வரம்பு பணம் எடுப்பதைத் தடுக்கும், மீட்டர் ஓடுவதைத் தடுக்காது. பில் உங்கள் பெயரில் கடனாக நிற்கும், கணக்கு முடக்கப்படும். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேலான தானியங்கிப் பிடித்தத்துக்கு நீங்கள் தனியாக ஒப்புதல் தர வேண்டும் என்பதும் இதே போன்ற பாதுகாப்புதான்: பணம் போகாது, பாக்கி போகாது. படிப்புக்கு மேலே சொன்ன இலவசத் திட்டமே சரி. ஏற்கெனவே கட்டணத் திட்டத்துக்கு மாறியிருந்தால், பயிற்சி முடிந்ததும் சர்வரை நிறுத்துவதோடு விடாமல், அதையும் அதன் டிஸ்க்கையும் அழித்து, ஒதுக்கி வைத்த ஐபி முகவரியையும் விடுவித்துவிடுங்கள். நிறுத்திய சர்வரோடு ஒட்டியிருக்கும் டிஸ்க்குக்கும், ஒதுக்கி வைத்த ஐபி முகவரிக்கும் கட்டணம் தொடர்ந்து ஓடும். ரீஜியன் என்று திரையில் இருக்கும் சர்வர் மையப் பகுதிகள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு ரீஜியனில் தொடங்கியது இன்னொன்றின் திரையில் தெரியாது.