மாதாந்திர அட்ரிஷன் கணக்கு: எதை எதால் வகுப்பது? (கேள்வி பதில்)

கேள்வி (ஹெச்.ஆர். உதவியாளர்): மேடம், கிடங்கு டிபார்ட்மென்டின் மார்ச் மாத அட்ரிஷன் ஏப்ரலில் பார்த்தபோது 16 சதவீதம். இப்போது அதே ஷீட்டைத் திறந்தால் 13 காட்டுகிறது. யாரும் எதையும் மாற்றவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய எக்ஸெல் ஷீட்டைப் பார்த்தேன். மார்ச் 2025-இல் விலகிய 5 பேரை, இன்றைக்கு வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறீர்கள். அன்று 31 பேர் இருந்தார்கள், 16.13 வந்தது. இன்று 38 பேர், அதனால் 13.16. இரண்டுமே மார்ச்சின் விலகல் விகிதம் இல்லை. மார்ச்சில் விலகியவர்களை மார்ச்சில் இருந்தவர்களால்தான் வகுக்க வேண்டும்.

அதைத் தேதிகளிலிருந்தே எடுக்கலாம். B-யில் டிபார்ட்மென்ட், C-யில் சேர்ந்த தேதி, D-யில் கடைசி வேலை நாள் இருக்கிறது. இன்னும் வேலையில் இருப்பவருக்கு D காலி. H1-இல் மாதத்தின் முதல் தேதியையும் G2-இல் டிபார்ட்மென்ட் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் இருந்தவர்கள்:

```
=COUNTIFS($B:$B,$G2,$C:$C,"<"&$H$1)-COUNTIFS($B:$B,$G2,$D:$D,"<"&$H$1)
```

அதாவது அந்தத் தேதிக்கு முன் சேர்ந்த எல்லோரிலிருந்தும் அதற்கு முன்பே போனவர்களைக் கழிக்கிறோம். மாத முடிவுக்கும் இதே சூத்திரம்தான், `$H$1` வருகிற இரண்டு இடத்திலும் `EDATE($H$1,1)` என்று மாற்றினால் போதும். மாதத்துக்குள் விலகியவர்கள்:

```
=COUNTIFS($B:$B,$G2,$D:$D,">="&$H$1,$D:$D,"<"&EDATE($H$1,1))
```

மாதக் கடைசித் தேதி வரை என்று எழுதாமல் அடுத்த மாதம் 1-க்கு முன் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. சில மென்பொருள்கள் தேதியோடு நேரத்தையும் சேர்த்துத் தரும். 31-ஆம் தேதி மாலை 5:30 என்று பதிவானவர் "31 வரை" என்ற நிபந்தனையில் விழமாட்டார், ஏனென்றால் எக்ஸெலுக்கு 31 என்பது அந்த நாள் தொடங்குகிற நள்ளிரவு 12 மணி.

உங்கள் கிடங்கில் மார்ச் தொடக்கத்தில் 24 பேர். 6 பேர் சேர்ந்து, 5 பேர் போய், முடிவில் 25. சராசரி 24.5. ஐந்தை 24.5-ஆல் வகுத்தால் 20.41 சதவீதம். யாரும் பழைய தேதிகளைத் திருத்தாதவரை இந்த எண் நகராது.

கேள்வி (அதே உதவியாளர்): அந்த 5 பேரில் இரண்டு பேர் மார்ச்சிலேயே சேர்ந்து மார்ச்சிலேயே போனவர்கள். தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. அவர்களை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். விட்டால் 3 பேர்தான் மிஞ்சுவார்கள், விகிதம் 12.24 ஆகிவிடும். ஆள் எடுக்கும் இடத்திலோ முதல் வாரப் பயிற்சியிலோ ஏதோ கோளாறு என்று சொல்கிறவர்களே அந்த இரண்டு பேர்தான். ஐந்தில் இரண்டு இப்படி என்று தனியாக ஒரு வரி எழுதிக் காட்டுங்கள், ஆனால் மொத்தத்தில் இருக்கட்டும்.

"இரு முனைகளிலும் இல்லாதவர் சராசரியில் எங்கே வருகிறார்?" என்று யாராவது கேட்டால், நாள் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் இருந்த 24 பேரில் 21 பேர் மாதம் முழுக்க 31 நாள், அதாவது 651 ஆள்நாள். மற்ற மூவரும் 10, 14, 31 தேதிகளில் போனார்கள், 55 நாள். மார்ச் 17-இல் சேர்ந்து தங்கிய நால்வருக்குத் தலைக்கு 15 நாள், மொத்தம் 60. வந்ததும் போன இருவரும் வேலை செய்தது 9 நாளும் 4 நாளும். கூட்டினால் 779, அதை 31-ஆல் வகுத்தால் சராசரி 25.13 பேர், விகிதம் 19.90. எளிய சராசரியில் வந்த 20.41-உடன் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் டிபார்ட்மென்டுக்கு எளிய முறையே போதும்.

கேள்வி (ப்ராஜெக்ட் மேனேஜர்): எங்கள் டீமுக்கு #DIV/0! வருகிறது. 10 பேர் மார்ச் 3-இல் சேர்ந்தார்கள், 28-இல் எல்லோரும் போய்விட்டார்கள்.

பதில்: எளிய சராசரி உடைகிற இடம் இதுதான். தொடக்கம் பூஜ்யம், முடிவும் பூஜ்யம். மேலே சொன்ன நாள் கணக்குதான் உங்களுக்கு வழி. ஒவ்வொருவருக்கும் அந்த மாதத்தில் எத்தனை நாள் என்று பக்கத்தில் ஒரு பத்தி போடுங்கள். H1 முதல் தேதி, H2 கடைசித் தேதி:

```
=MAX(0,MIN(IF(D2="",$H$2,INT(D2)),$H$2)-MAX(INT(C2),$H$1)+1)
```

ஆளுக்கு 26 நாள், மொத்தம் 260. 31-ஆல் வகுத்தால் 8.39 பேர், விகிதம் 119 சதவீதம். நூற்றுக்கு மேல் போகிறதே என்று பதற வேண்டாம், கணக்கு சரிதான். இருந்த சராசரி ஆட்களைவிடப் போனவர்கள் அதிகம்.

கேள்வி (விலகிய ஊழியர்): நான் ராஜினாமா கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நோட்டீஸ் பீரியட் முடித்தேன், ரிலீவிங் லெட்டர் இன்னும் வரவில்லை, செட்டில்மென்டும் வரவில்லை. உங்கள் கணக்கில் நான் எந்த மாதம் விலகியவன்?

பதில்: செட்டில்மென்டுக்கு உங்கள் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள், இந்தக் கணக்கு அதற்கு உதவாது. ஆனால் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கையில் மூன்று தேதி இருக்கிறது: ராஜினாமா கொடுத்த நாள், கடைசியாக வேலை செய்த நாள், லெட்டரில் இருக்கும் நாள். நான் நடுவில் உள்ளதைத்தான் எடுப்பேன். நோட்டீஸ் காலத்தில் நீங்கள் சீட்டில் இருந்தீர்கள், சம்பளமும் வாங்கினீர்கள், அதனால் ஆட்கள் எண்ணிக்கையில் நீங்கள் உண்டு. லெட்டர் தேதி என்பது அலுவலகம் காகிதத்தை நகர்த்திய நாள், அவ்வளவுதான். அதை எடுத்தால் ஜனவரியில் போனவர் ஏப்ரல் கணக்கில் ஏறுவார்.

கேள்வி (சம்பளப் பிரிவு): மார்ச்சில் 5 பேர் போனதாக எங்களிடம் இருக்கிறது. ஹெச்.ஆர். ஷீட்டில் சூத்திரம் பூஜ்யம் காட்டுகிறது. CSV-யாக வந்த கோப்பு.

பதில்: D பத்தியில் தேதிகள் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள். இடப்பக்கம் ஒட்டியிருந்தால் அது எக்ஸெலுக்குத் தேதியே இல்லை, வெறும் எழுத்து. COUNTIFS அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எத்தனை என்று எண்ண:

```
=SUMPRODUCT(--ISTEXT(D2:D500))
```

வலப்பக்கம் ஒட்டியிருப்பவை அதைவிட ஆபத்து. கணினி மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிற அமைப்பில் இருந்தால் `14/03/2025` எழுத்தாக நின்றுவிடும், ஏனென்றால் 14-ஆவது மாதம் கிடையாது. ஆனால் `10/03/2025` அக்டோபர் 3 ஆகிவிடும். மார்ச்சில் போனவர் அக்டோபர் வரை உங்கள் எண்ணிக்கையில் உட்கார்ந்திருப்பார். தேதி வடிவத்தை `dd-mmm-yyyy` என்று மாற்றிப் பாருங்கள். எண்ணாக ஏறிய எல்லாத் தேதியிலும் நாள் 12-ஐத் தாண்டவில்லை என்றால் இதுதான் நோய். மாறிப்போனவற்றை ஷீட்டிலேயே திருத்த முயலாதீர்கள். மூலக் கோப்பை மறுபடி ஏற்றி, ஏற்றும்போதே நாள்-மாதம்-ஆண்டு வரிசை என்று சொல்லுங்கள்.

கேள்வி (கணக்காளர்): இதற்கு இவ்வளவு எதற்கு? தொடக்கம் கூட்டல் சேர்ந்தவர் கழித்தல் விலகியவர், முடிவோடு பொருந்தினால் தரவு சரி. நான் எப்போதும் அப்படித்தான் சரிபார்க்கிறேன்.

பதில்: நான்கு எண்களும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இங்கே நான்கும் அதே C, D பத்திகளிலிருந்து வருகின்றன. மார்ச்சில் போனவரின் தேதி எழுத்தாக நின்றிருந்தால் அவர் விலகியவரிலும் வரமாட்டார், முடிவிலும் கழியமாட்டார். இரு பக்கமும் ஒரே தவறு, கணக்கு அழகாகப் பொருந்தும். எவ்வளவு கெட்ட தரவைப் போட்டாலும் பொருந்தும். நானும் ஒரு வருடம் இந்தப் பொருத்தத்தை நம்பி அறிக்கை அனுப்பியிருக்கிறேன். அப்புறம்தான் முடிவு எண்ணை அந்த மாதம் சம்பளம் வாங்கியவர்களின் பட்டியலோடு ஒப்பிட ஆரம்பித்தேன். அந்த மாதத்தில் போனவருக்கும் சம்பளம் இருக்கும், அவர்களைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி (சப்போர்ட் டீம் லீட்): என் டீமிலிருந்து 7 பேர் ஜூலையில் சேல்ஸுக்குப் போனார்கள். அதற்கப்புறம் ஏப்ரல் அட்ரிஷன் 10-லிருந்து 13 ஆகிவிட்டது. அவர்கள் வேலையை விடவே இல்லை!

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஏப்ரலில் சராசரி 30 பேர், 3 பேர் விலகல், 10 சதவீதம். ஜூலையில் அந்த ஏழு பேரின் வரியில் "சப்போர்ட்" என்பதை அழித்து "சேல்ஸ்" என்று எழுதிவிட்டார்கள். இப்போது சூத்திரத்தின் கண்ணுக்கு அவர்கள் சேர்ந்த நாளிலிருந்தே சேல்ஸ்காரர்கள். உங்களுக்கு ஏப்ரலில் 23 பேர்தான் மிஞ்சுகிறார்கள், 3-ஐ 23-ஆல் வகுத்தால் 13.04. சேல்ஸின் பழைய விகிதங்கள் இறங்கியிருக்கும், அதனால் அங்கிருந்து யாரும் புகார் சொல்லமாட்டார்கள்.

ஆளுக்கு ஒரு வரி என்பதை விட்டுவிட்டு, ஓர் ஆள் ஒரு டிபார்ட்மென்டில் இருந்த காலத்துக்கு ஒரு வரி என்று வையுங்கள். சப்போர்ட் வரி ஜூன் 30-இல் முடியும், சேல்ஸ் வரி ஜூலை 1-இல் தொடங்கும். முடிந்த காரணத்துக்கு E-யில் ஒரு பத்தி: மாற்றம் அல்லது விலகல். ஆட்கள் எண்ணிக்கைக்கு எல்லா வரியும் சேரும். விலகியவர்களை எண்ணும் சூத்திரத்தில் மட்டும் `$E:$E,"விலகல்"` என்று ஒரு நிபந்தனை கூடும். ஒருமுறை போய்த் திரும்பி வந்தவரின் பழைய விலகலும் இப்படி அழியாமல் இருக்கும்.

கேள்வி (சட்டப் பிரிவு, 4 பேர்): ஒருவர் போனார், 28.57 சதவீதம் என்று சிவப்பில் காட்டினார்கள். நியாயமா?

பதில்: ஒன்றை 3.5-ஆல் வகுத்தது சரிதான், ஆனால் அந்தச் சதவீதம் எதையும் சொல்லவில்லை. சின்ன டிபார்ட்மென்டுக்கு "4 பேரில் 1" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 12 மாத எண்ணைக் கொடுக்கலாம்: 12 மாதத்தில் விலகியவர்களின் கூட்டுத்தொகையை 12 மாதச் சராசரி ஆட்களின் சராசரியால் வகுத்தது. எத்தனை பேர் வரை "சின்னது" என்பதில் எனக்கும் என் சகாக்களுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் 10 என்று வைத்திருக்கிறேன், அவர்களுக்கு 20.

கேள்வி (ஹெச்.ஆர். மேனேஜர்): எல்லா டிபார்ட்மென்ட் சதவீதத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நிறுவனத்தின் விகிதம் வந்துவிடும் அல்லவா?

பதில்: வராது. 100 பேரில் 5 பேர், 10 பேரில் 2 பேர் என்றால் உங்கள் முறையில் 12.5. உண்மையில் 110 பேரில் 7, அதாவது 6.36.

கேள்வி (அதே மேனேஜர்): ஓய்வு பெற்றவர், ஒப்பந்தக் காலம் முடிந்தவர் இவர்களும் விலகியவர்களா?

பதில்: மொத்த விலகலில் ஆம். தானாக விலகியவர் விகிதத்தில் இல்லை. E பத்தியில் "விலகல்" என்று ஒரே சொல்லில் நிறுத்தாமல் ராஜினாமா, ஓய்வு, ஒப்பந்த முடிவு, நீக்கம் என்று பிரித்து எழுதினால் இரண்டையும் எடுக்கலாம். அப்போது மேலே சொன்ன நிபந்தனையை `$E:$E,"<>மாற்றம்"` என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லியும் வேண்டாம் என்று போனவரை எதில் போடுவது? நான் ராஜினாமாவில் போடுகிறேன். ஒப்பந்த முடிவில்தான் போட வேண்டும் என்பவர்களிடமும் வலுவான காரணம் இருக்கிறது. எதில் போட்டாலும் சரி, ஆண்டு நடுவில் மட்டும் மாற்றாதீர்கள்.