“59% சரிந்தது” என்று டாஷ்போர்டு சொன்னால்: தானாக எழுதப்படும் வாக்கியங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: “திரும்பி வரும் ஆர்டர்களின் விகிதம் 25%-ஆக உயர்ந்தது” என்று டெம்ப்ளேட் எழுதியது. தவறு என்கிறார் கூட வேலை பார்ப்பவர். ஒரு ‘ஆக’வில் என்ன வந்துவிடப் போகிறது?

அந்த ‘ஆக’தான் எல்லாமே. உங்கள் எண்கள் என்ன என்று பாருங்கள். போன மாதம் நூறு ஆர்டருக்கு 4 திரும்பி வந்தன, இந்த மாதம் 5. “25%-ஆக உயர்ந்தது” என்று படிப்பவர், நாலில் ஒரு ஆர்டர் திரும்பி வருவதாக நினைத்துக்கொள்வார். “5%-ஆக உயர்ந்தது” என்றால் சரி. “25% உயர்ந்தது” என்பதும் கணக்குப்படி சரிதான், ஆனால் 4, 5 என்ற எண்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் பயமுறுத்தும். “1% உயர்ந்தது” என்றால் தவறு. 4-இல் 1% கூடினால் 4.04 தான் வரும். அந்த இடத்தில் “1 சதவீதப் புள்ளி” என்று எழுத வேண்டும்.

நான் விகிதங்களுக்குத் தனி டெம்ப்ளேட் வைத்திருக்கிறேன்: “நூறு ஆர்டருக்கு 4 என்பது 5 ஆகக் கூடியது.” அளவீடுகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எண்ணிக்கை’ அல்லது ‘விகிதம்’ என்று ஒரு குறி. எந்த வாக்கியம் வர வேண்டும் என்பதை அந்தக் குறி முடிவு செய்யும். ‘மடங்கு’ என்ற சொல்லிலும் கவனம் தேவை: 200% உயர்ந்தது என்றால் 3 மடங்கு ஆனது என்று பொருள், 2 மடங்கு அல்ல.

கேள்வி: லாபம் மைனஸில் இருந்தால் சதவீதம் தலைகீழாக வருகிறது என்று பலர் புலம்புகிறார்கள். ABS போட்டால் தீர்ந்தது அண்ணா, நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாதி தீரும் தம்பி. நீங்கள் சொல்வது இதுதானே?

```
Chg % = DIVIDE([Now] - [Prev], ABS([Prev]))
```

–200 என்பது –50 ஆனால், ABS இல்லாமல் –75% வரும், “லாபம் 75% குறைந்தது” என்று வாக்கியம் எழுதும். நஷ்டம் குறைந்த மாதத்தில் இப்படி ஒரு வரி! ABS போட்டால் திசை சரியாகிவிடும், “லாபம் 75% உயர்ந்தது” என்று வரும். ஆனால் லாபமே இல்லையே, எது உயர்ந்தது?

அடுத்தது இன்னும் மோசம். ஒரு கிளை –200-லிருந்து 30-க்கு வந்தது, ABS போட்டால் 115%. இன்னொரு கிளை –10-லிருந்து அதே 30-க்கு வந்தது, 400%. பெரிய பள்ளத்திலிருந்து ஏறிய கிளைக்குச் சின்ன சதவீதம், கொஞ்சமாக ஏறியதற்குப் பெரிய சதவீதம். அதனால் முந்தைய மதிப்பு பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் என் டெம்ப்ளேட்டில் சதவீதமே வராது. “200 நஷ்டம் என்பது 30 லாபமாக மாறியது” என்று மட்டும் எழுதும். படிப்பவருக்கும் அதுதான் வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு மாதமும் முதல் இரண்டு வாரம் எங்கள் டாஷ்போர்டு “விற்பனை கடுமையாகச் சரிந்தது” என்றே சொல்கிறது. மாதக் கடைசியில் தானே சரியாகிவிடுகிறது. ஏன்?

முடியாத மாதத்தை முடிந்த மாதத்தோடு ஒப்பிடுகிறது. நான் சூடுபட்ட இடம் இது. எங்கள் அறிக்கை ஒரு முறை 12-ஆம் தேதி மாலை மேலதிகாரிகளுக்குப் போனது. போன மாதம் முழுக்க 6,200 ஆர்டர், இந்த மாதம் அதுவரை 2,520. வாக்கியம் “59% சரிந்தது” என்றது. அன்று இரவே தொலைபேசி அழைப்புகள்.

சரி, போன மாதத்தின் முதல் 12 நாளோடு ஒப்பிட்டோம். அப்போது 2,400, இப்போது 2,520. “5% உயர்ந்தது” என்று மாற்றி அனுப்பி நிம்மதியானோம். அதுவும் தவறு. எங்களுக்கு ஞாயிறு விடுமுறை. போன மாதத்தின் முதல் 12 நாளில் இரண்டு ஞாயிறு, இந்த மாதம் ஒன்றுதான். வேலை நாள் 10-க்கு 2,400 என்றால் நாளுக்கு 240. 11-க்கு 2,520 என்றால் நாளுக்கு 229. உண்மையில் சுமார் 4.5% குறைந்திருந்தது.

ஒரே தரவு, மூன்று வாக்கியம், இரண்டு திசை. எதிலும் கூட்டல் பிழை இல்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை வாக்கியம் சொல்லாததுதான் பிழை. இப்போது எங்கள் வரி இப்படி வரும்: “12-ஆம் தேதி வரை வேலை நாள் ஒன்றுக்கு 229 ஆர்டர், போன மாதம் இதே தேதி வரை 240.” சதவீதம் வேண்டுமென்றால் அதற்குப் பின்னால். இன்னொன்று: தரவு நடுப்பகலில் ஏறுகிறது என்றால் கணக்கை நேற்றோடு நிறுத்துங்கள். இன்றைய அரை நாளும் ஒரு வேலை நாளாக எண்ணப்பட்டுவிடும்.

கேள்வி: எங்களுக்கும் இதே பிரச்சினைதான் சார். “புகார்கள் 50% குறைந்தன” என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. மாதம் தேர்ந்தெடுக்கும் ஸ்லைசரில் கோளாறா?

இது வேறு சார், ஸ்லைசரைத் தொட வேண்டாம். குறைவது எல்லாமே கெட்டது என்று டெம்ப்ளேட் நினைக்கிறது. எந்தத் திசை நல்லது என்று அளவீட்டுப் பட்டியலில் இன்னொரு குறி சேருங்கள். அப்புறம், எத்தனை புகார் என்றும் பாருங்கள். 4 என்பது 2 ஆனதற்கு 50% என்று எழுதினால் பெரிய சாதனை போலத் தெரியும். 20-க்குக் கீழ் இருந்தால் நான் எண்ணிக்கையை மட்டுமே எழுதுகிறேன். 20 என்பது என் கணக்கு. உங்கள் வேலைக்கு வேறாக இருக்கலாம்.

கேள்வி: ‘கணிசமாக’ என்ற சொல்லை நான் கையால் வைத்த வரம்புக்கு விடுவதில்லை. கடந்த 26 வார மாற்றங்களில் பத்தில் ஒன்பது எந்த எல்லைக்குள் அடங்குகிறதோ, அதைத் தாண்டினால்தான் அந்தச் சொல் வரும். ஆனாலும் 40 அளவீடுகளில் ஒவ்வொரு வாரமும் நாலைந்து தாண்டிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

உங்கள் முறை நான் பார்த்த பலவற்றைவிட நல்லது. எல்லா அளவீட்டுக்கும் 10% என்று ஒரே வரம்பு வைப்பவர்கள்தான் அதிகம். நாலைந்து தாண்டுவது விதியிலேயே இருக்கிறது: பத்தில் ஒன்று வெளியே விழும் என்று எல்லை போட்டால், எதுவுமே நடக்காத வாரத்திலும் 40-இல் நாலு விழும். நூற்றுக்கு ஒன்று என்று இறுக்கலாம் என்றால், 26 வாரத் தரவில் அந்த எல்லையை நம்பிக் கணிக்க முடியாது.

இறுக்கினால் இன்னொரு இழப்பும் உண்டு. வாரம் 1% என்று 20 வாரம் தொடர்ந்து ஏறினால் மொத்தம் 22% ஏறிவிடும், ஆனால் எந்த வாரமும் எல்லையைத் தாண்டாது. அதனால் 13 வாரத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடும் வரி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். வாராந்திர வரியில் ‘கணிசமாக’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, “26 வாரங்களில் இதைவிடப் பெரிய இறக்கம் இரண்டு முறைதான்” என்று எழுதிப் பார்க்கிறேன். படிப்பவர்கள் இதையும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்களா என்று இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.