வலிப்புக் குழுவில் என் பெயர் நொச்சி

"எனக்கு 26 வயது, பெண். ஃபிட்ஸ் உள்ளவர்களுக்கான ஆன்லைன் ஆதரவுக் குழு ஒன்றில் சேரப் போகிறேன். வீட்டில் வரன் பார்க்கிறார்கள், அது நான்தான் என்று யாருக்கும் தெரியக் கூடாது. பார்த்தாலே மனசு அமைதியாகிற மாதிரி என்ன புனைபெயர் வைக்கலாம்?"

எனக்குப் பதினேழு வயதிலிருந்து ஃபிட்ஸ் இருக்கிறது. இப்படிப்பட்ட குழுக்களில் பல வருடமாக இருக்கிறேன். முதலில் வைத்த பெயரால் மாட்டிக்கொண்டேன். அதனால் அமைதியைப் பற்றிப் பிறகு பேசலாம், அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

கல்லூரியில் சேர்ந்தபோது ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கியிருந்தேன். வீட்டில் கூப்பிடும் பெயர், ஊரின் சுருக்கம், பிறந்த வருடம், மூன்றையும் ஒட்டிச் செய்தது. உமா, திண்டுக்கல், 89 என்று வைத்துக்கொண்டால் umadgl89 என்கிற மாதிரி. குழுவில் சேர்ந்தபோது யோசிக்காமல் அதே பெயரைக் கொடுத்தேன். முழுப்பெயர் இல்லை, போட்டோ இல்லை, யாருக்குத் தெரியப் போகிறது என்ற நினைப்பு. அதே பெயரில் ஒரு சமையல் தளத்திலும் கணக்கு வைத்திருந்தேன், அங்கே என் போட்டோவும் இருந்தது. ஒருநாள் சித்தி முறையுள்ள ஒருவரின் மகன், நான் எப்போதோ அனுப்பிய மெயிலில் இருந்த அந்தப் பெயரைத் தேடுபெட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறான். சமையல் தளமும் வலிப்புக் குழுவும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்துவிட்டன. அடுத்த மாதம் ஒரு புதுமனை புகுவிழாவில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, சித்தி என் காதோரம் குனிந்து "மாத்திரை இன்னும் சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அடுத்த கவளம் இறங்கவில்லை.

இதில் நடந்த முதல் தப்பு, ஒரு பெயரை இரண்டு இடத்தில் வைத்தது. ஒரு பயனர்பெயரைக் கொடுத்தால் அது எந்தெந்தத் தளங்களில் இருக்கிறது என்று நூற்றுக்கணக்கான தளங்களில் ஒரே நேரத்தில் தேடித் தரும் ஷெர்லாக் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. அந்தப் பையனுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஆகவே குழுவுக்கு வைக்கும் பெயர் இதற்கு முன் நீங்கள் எங்கும் வைத்திராததாக இருக்க வேண்டும், இனிமேலும் வேறெங்கும் வைக்கக் கூடாதது. பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த ஒன்று தவறினால் பயனில்லை.

இரண்டாவது, அந்த எண். பிடித்த வார்த்தையை வேறு யாரோ எடுத்திருந்தால், தளமே பின்னால் எண் சேர்த்துக்கொள்ளச் சொல்லும். நம் கை தானாகப் பிறந்த வருடத்துக்கோ வண்டி நம்பருக்கோ போகும். அமெரிக்காவில் லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, முழுப் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இந்த மூன்று மட்டும் தெரிந்தால் போதும், அந்த நாட்டு மக்களில் 87 சதவீதத்தினரைத் தனியாக அடையாளம் கண்டுவிடலாம் என்றார். பெயர் தேவையே இல்லை. நான் ஊரையும் வருடத்தையும் பெயரிலேயே எழுதி வைத்திருந்தேன். மிச்சத்தை என் பதிவுகளே சொல்லிவிட்டன. நம் ஊர் இனிஷியலும் இப்படித்தான். அது அப்பாவின் பெயரில் முதலெழுத்து. "ஒரு எழுத்துதானே" என்று சேர்த்தால், உங்களை ஏற்கெனவே பாதி சந்தேகப்படுகிறவருக்கு மீதிப் பாதியையும் கொடுத்த மாதிரி. வேறுபடுத்திக் காட்ட எண்ணுக்குப் பதில் இன்னொரு சாதாரண வார்த்தையைச் சேருங்கள்.

இனி அமைதிக்கு வருகிறேன். மாட்டிக்கொண்ட பிறகு அந்தக் கணக்கை அழித்துவிட்டு ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளை எழுதினேன். மனதில் அப்போது இருந்த கசப்பில் முதலில் வந்தவை "தனிமரம்", "உடைந்தவள்". இவற்றை உடனே அடித்துவிட்டேன். குழுவில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் நன்றாக இருக்கும் நாளிலும் "உடைந்தவள், சாப்பிட்டீங்களா?" என்றுதான் வரும். அன்றைக்கு முதல்தடவை ஃபிட்ஸ் வந்து, நடுராத்திரியில் பயந்துபோய் உள்ளே வருகிற ஒரு பெண்ணுக்கு முதலில் பதில் சொல்வது "உடைந்தவள்" என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அடுத்து "அலை" இருந்தது, "மின்மினி" இருந்தது. வேறு எந்த இடத்திலும் நல்ல பெயர்கள்தான். எங்களுக்குச் சரிவராது. வலிப்பு வருவதற்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ அலை போல மேலே ஏறுகிறது என்று பலர் சொல்வார்கள். விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பையே தூண்டிவிடும். எந்த நோய்க் குழுவானாலும் அந்த நோய்க்காரர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்களோ, அதை நினைவூட்டாத சொல்லாக இருக்க வேண்டும். மாத்திரையின் பெயர், மில்லிகிராம், கடைசியாக வலிப்பு வந்த தேதி இவையும் பெயரில் வேண்டாம். நான்கு வருடம் வராமலிருந்ததைப் பெயரிலேயே எண்ணிக்கொண்டிருந்த ஒருவர், மறுபடி வந்த அன்று குழுவுக்குள் நுழையவே கூச்சப்பட்டார்.

மிச்சமிருந்தவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "..., நேத்து ராத்திரி எனக்கு மறுபடி வந்துடுச்சு" என்ற வரியின் தொடக்கத்தில் பெயரை வைத்துப் படித்தேன். அந்த வரியைத் தாங்குகிற பெயர்தான் வேண்டும். வயல், நிழல், மழை, முல்லை எல்லாம் நாக்கில் மெதுவாக இறங்கின, எல்லாமே இடையினமும் மெல்லினமும். நெய்தல் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அகத்திணையில் அது இரங்கலுக்கு உரியது, அதனால் விட்டுவிட்டேன். முல்லைக்கு உரியது இருத்தல், பொறுத்துக் காத்திருப்பது. பொருள் அருமையாகப் பொருந்தியது, ஆனால் அந்தப் பெயரில் எங்கள் தெருவிலேயே ஒரு பெண் இருந்தாள். என் ரகசியத்தை அவள் தலையில் கட்டுவது நியாயமில்லை. உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் பெயராகத் தோன்றக்கூடிய எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியில் நொச்சி நின்றது. ஓசையில் அது மென்மையானது இல்லை, நடுவில் ச்ச இருக்கிறது. ஆனால் சளி பிடித்தால் பாட்டி ஆவி பிடிக்கப் போடும் இலை அது. தலைவலிக்குத் தலையணைக்குள் வைப்பார்கள், கொசுவுக்குப் புகை போடுவார்கள். புறத்திணையில் நொச்சி என்றால் மதிலைக் காத்து நிற்பது. வீட்டுக்குள்ளும் இருக்கிறது, கோட்டையையும் காக்கிறது. தளத்தில் nochi கிடைக்கவில்லை, nochi_nizhal என்று பதிந்தேன். பதிவதற்கு முன் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. தமிழ் எழுத்திலும் ஒருமுறை, nochchi என்று மாற்றியும் ஒருமுறை தேடினேன். நம் சொற்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒரு விதமாக எழுதுவதால் ஒரு தடவை தேடினால் போதாது. ஊர்ப்பெயரோடு ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். திருச்சி அருகே நொச்சியம் இருக்கிறது, சென்னையில் நொச்சிக்குப்பம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் இந்தப் பெயரை வைத்தால் முகவரி கொடுத்த மாதிரி ஆகிவிடும். குலதெய்வம், வளர்க்கும் நாயின் பெயர், எல்லாருக்கும் தெரிந்த உங்கள் பிடித்த பூ, இவையும் அப்படித்தான். (இங்கே நான் சொல்லும் நொச்சி இப்போதைய பெயர் இல்லை. அந்தக் குழு மூடப்பட்டுவிட்டது, அதனால்தான் வெளியில் சொல்கிறேன்.)

பெண் என்பதும் தெரிய வேண்டாம் என்றால் நம் மொழி உதவுகிறது. "வந்தேன்", "சாப்பிட்டேன்" என்று நம்மைப் பற்றிச் சொல்லும்போது தமிழ் வினையில் ஆண், பெண் வராது. மற்றவர்கள் "சொன்னாங்க" என்றால் அதுவும் இருவருக்கும் பொது. "அண்ணாவா, அக்காவா?" என்ற கேள்வி மட்டும் கட்டாயம் வரும். "நொச்சின்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இத்தனையும் செய்த பிறகும் பெயர் வீணாகும் இடம் ஒன்று உண்டு: வாட்ஸ்அப் குழு. அங்கே என்ன பெயர் வைத்தாலும் குழுவில் இருப்பவர்களுக்கு உங்கள் எண் தெரியும். எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு அவர் சேமித்த பெயரே தெரியும். உங்கள் குழு அங்கே இயங்கினால், தனி எண் இல்லாமல் சேராதீர்கள். டெலிகிராம் என்றால் தனியுரிமை அமைப்பில் தொலைபேசி எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றிவிட்டு, அதன் பிறகு சேருங்கள். ஃபேஸ்புக் குழுவில் பெயர் காட்டாமல் பதிவிட முடியும், ஆனால் நிர்வாகிகளுக்கு உங்கள் பெயர் தெரியும். நிர்வாகி உங்கள் ஊர்க்காரர் இல்லை என்று எப்படிச் சொல்வது? மின்னஞ்சல் கேட்கும் தளம் என்றால் புதிதாக ஒன்று உருவாக்குங்கள், அதில் பெயர் கேட்கும் இடத்திலும் புனைபெயரையே போடுங்கள். பழைய ஜிமெயில் முகவரியில் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்ப்பது வடிகட்ட உதவும், மறைக்க உதவாது. முன்பாதி அப்படியே தெரியும். உங்களைத் தெரிந்தவர்களிடமிருந்துதான் புனைபெயர் காக்கும். தளத்தை நடத்துபவர்களிடம் உங்கள் மின்னஞ்சலும் ஐபி முகவரியும் இருக்கத்தான் செய்யும்.

வரன் விஷயம் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அக்காவாக ஒன்று சொல்கிறேன். திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியில்லை என்று இந்துத் திருமணச் சட்டத்தில் முன்பு இருந்தது, 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நீங்களே சொல்லுங்கள். அதை அவர் தேடுபெட்டியில் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடு.

பெயரை மாற்றத் தோன்றினால் பழைய கணக்கிலேயே மாற்றாதீர்கள். பல தளங்களில் மேலே புதுப் பெயர் வந்தாலும், மற்றவர்கள் உங்களைக் குறிப்பிட்டு எழுதிய பழைய பதில்களுக்குள் பழைய பெயர் அப்படியே கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் ஒவ்வொரு முறையும் பழைய கணக்கை விட்டுவிட்டு, இரண்டு வாரம் பேசாமல் இருந்து, புதுக் கணக்கில் ஒரு வார்த்தை வணக்கத்தோடு தொடங்கினேன்.