மசக்கை வாந்தி: மகப்பேறு செவிலியரிடம் கேளுங்கள்

நித்யா: ஏழாவது வாரம். விடிஞ்சதும் பித்தமா எடுக்குது. சின்னச் சின்னதா சாப்பிடச் சொன்னாங்க. சின்னதுன்னா எவ்வளவு அக்கா?

ஒரு கைப்பிடி. அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சாப்பிடுங்கள், பசிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அதனால் வயிறு நிறைய உண்டாலும் குமட்டும், வெறும் வயிற்றில் அமிலம் தேங்கினாலும் குமட்டும். இரண்டுக்கும் நடுவிலேயே வயிற்றை வைத்திருக்க வேண்டும்.

தலைமாட்டில் பொரியோ ரஸ்கோ வைத்துக்கொள்ளுங்கள். எழுவதற்கு முன்பே கொஞ்சம் மென்று, கால் மணி நேரம் கழித்துக் காலைக் கீழே வையுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி இடைவெளி விட்டு மடக்கு மடக்காகக் குடியுங்கள். வெறும் சோறு, பிஸ்கட் என்று இல்லாமல் பொட்டுக்கடலை, தயிர், வேகவைத்த பயறு என ஏதாவது புரதம் சேர்ந்தால் குமட்டல் இன்னும் குறையும். சூடான சாப்பாட்டில் வாசனை தூக்கலாக இருக்கும், எனவே தயிர்சாதத்தை ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். தாளிக்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை இப்போதே ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தியைக் கூட்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, பெரும்பாலும் பன்னிரண்டு வாரம்வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விடாதீர்கள்.

மதுரைப் பெண்: இஞ்சி எவ்வளவு எடுக்கலாம்? மாமியார் சூடு, கலைஞ்சிடும்னு பயமுறுத்துறாங்க.

ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவு பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு கிராம் சுக்குத்தூள். அது தட்டையாக அரை டீஸ்பூன். அதையும் ஒரே தடவையில் போடாமல் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சிட்டிகை என்று எடுக்க வேண்டும். அந்த அளவில் கருச்சிதைவு கூடியதாகத் தெரியவில்லை. ரசத்தில் தட்டிப்போடும் இஞ்சிக்குப் பயப்படவே வேண்டாம்.

ஆனால் இஞ்சி குறைப்பது குமட்டலைத்தான். எத்தனை தடவை வாந்தி வருகிறது என்பதை அது அவ்வளவாக மாற்றுவதில்லை. நாளுக்கு ஏழெட்டு முறை எடுப்பவரை இஞ்சிச்சாற்றோடு வீட்டில் உட்கார வைப்பது தப்பு. நெஞ்செரிச்சல் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

சித்த வைத்தியம் படிப்பவர்: இஞ்சி ரத்தத்தை இளக்கும். அதனால் கர்ப்பிணிகள் யாருமே தொடக்கூடாது.

முதல் வரியில் விஷயம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போடுகிறவர்களும் ரத்தக்கசிவு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் சுக்குத்தூளாகவோ மாத்திரையாகவோ எடுக்கக்கூடாது. அதை எல்லோருக்கும் நீட்டுவது சரியல்ல.

சித்த வைத்தியம் படிப்பவர்: பச்சை இஞ்சிச்சாறு வேற, சுக்கு வேற. ரெண்டையும் ஒரே கணக்கில் சொல்ல முடியாது.

ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்ன ஒரு கிராம் சுக்குக்குத்தான். டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பதற்கு நானும் கணக்கு சொல்ல மாட்டேன்.

திவ்யா: டாக்ஸிலமின் மாத்திரை வாந்தி வரும்போது மட்டும் போடுறேன். கேட்கவே மாட்டேங்குது.

அது வந்த வாந்தியை நிறுத்தும் மாத்திரை அல்ல. மெதுவாகக் கரைந்து மறுநாள் காலைக்கு வேலை செய்வது. வழக்கமாக இரவு இரண்டில் தொடங்குவார்கள், போதாவிட்டால் காலையும் மதியமும் ஒவ்வொன்று சேர்ப்பார்கள். உங்கள் சீட்டில் உள்ளபடி தினமும் போடுங்கள், உடைக்காமல் விழுங்குங்கள். தூக்கம் வரும், வண்டி ஓட்ட வேண்டாம்.

கணவர், ஈரோடு: மனைவிக்கு ஒன்பதாவது வாரம். 48 கிலோ இருந்தவ இப்ப 45. மூணு வாரமா வாந்தி, தண்ணிகூட நிக்கல. நேத்து ராத்திரியிலிருந்து ஒரே தடவைதான் சிறுநீர், அதுவும் டீ நிறம். பக்கத்து கிளினிக்ல ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. இஞ்சி கொடுக்கலாமா?

இஞ்சியை விடுங்கள் தம்பி. இன்றைக்கே மகப்பேறு வார்டு உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே அது சாதாரண மசக்கை இல்லை. 48 கிலோவுக்கு அது 2.4 கிலோ, உங்கள் மனைவி மூன்று கிலோ இழந்திருக்கிறார். சிறுநீர் குறைந்து கறுத்திருப்பது உடம்பு வற்றியதைக் காட்டுகிறது. அங்கே ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம், தைராய்டு பார்ப்பார்கள். இரட்டைக் கருவா, கருவுக்குப் பதிலாக நீர்க்கட்டிகள் கொத்தாக வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பமா என்று ஸ்கேனும் எடுப்பார்கள்.

போனதும் ஒன்று சொல்லுங்கள்: "மூணு வாரமா சாப்பிடல, குளுக்கோஸ் ஏத்தியிருக்கு, தயமின் போடல." தயமின் என்பது பி1 வைட்டமின். குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு அது வேண்டும். அதன் சேமிப்பு உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்திருக்கும் நேரத்தில் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் இரட்டையாகத் தெரிவது, விழி ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது தெரிந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. தாமதித்தால் நினைவிழப்பு நிரந்தரமாகத் தங்கிவிடலாம். முதலில் தயமின், கூடவே என்.எஸ் என்கிற உப்புநீர் பாட்டில், தேவைக்குப் பொட்டாசியம் என்பதுதான் முறை. டி.என்.எஸ் என்று எழுதியிருந்தால் அதிலும் குளுக்கோஸ் உண்டு.

கிளினிக் ஊழியர்: நாங்க வருஷக்கணக்கா குளுக்கோஸ்தான் போடுறோம். போட்டதும் தெம்பா எழுந்து போறாங்க. சும்மா பயமுறுத்தாதீங்க.

அந்தத் தெம்பு பெரும்பாலும் தண்ணீரால் வருவது. 500 மி.லி. பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைதான், நூறு கலோரிகூட இல்லை. நேற்று முழுவதும் வாந்தி எடுத்து முந்தாநாள் வரை நன்றாகச் சாப்பிட்டவருக்கு நீங்கள் போடுவதால் ஒன்றும் ஆகாமல் போகலாம். மூன்று வாரம் பட்டினி கிடந்தவர் வேறு. உங்களிடம் வருகிறவர் எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டுவிட்டுப் பாட்டிலை எடுங்கள்.

கிளினிக் ஊழியர்: பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கொடுத்தா போதாதா?

தண்ணீரே நிற்காதவருக்கு மாத்திரை நிற்குமா? நின்றால் தயமின் 100 மி.கி. நாளுக்கு மூன்று வேளை என்று தனியாகவே எழுதித் தரும் டாக்டர்கள் உண்டு. நிற்காவிட்டால் நரம்பு வழிதான்.

கிளினிக் ஊழியர்: எங்க டாக்டர்கிட்ட கேட்கிறேன். ஆனா எல்லாருக்கும் வேணும்னு நான் நம்பல.

கேளுங்கள். நீண்ட நாள் வாந்தி எடுத்தவர்களுக்கு என்றுதான் நானும் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம்: வாந்தி அதிகம்னா கரு நல்லா தங்கியிருக்குன்னு பாட்டி சொல்றாங்க. விட்டுடலாமா?

வாந்தி உள்ளவர்களுக்குக் கருச்சிதைவு சற்றுக் குறைவு என்பது உண்மைதான். அதற்காக உங்கள் உடம்பு வற்றலாம் என்று ஆகாது. வாந்தியே இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம்.

சரண்யா: இஞ்சி சூடாச்சே, கலைஞ்சிடாதா?

மேலே மதுரைப் பெண்ணுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கவிதா: எனக்கும் வாந்தி. ஏழாம் மாசம், ரெண்டு நாளா தலைவலி, மேல்வயித்துல வலி. எந்த பிஸ்கட் நல்லது?

பிஸ்கட் வேண்டாம்மா. இது மசக்கை அல்ல. இப்போதே போய் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பாருங்கள்.

ராஜி: சுக்கு காபி குடிச்சா கருவுக்குச் சூடா?

மூன்றாவது தடவை. இல்லை. ராஜி, நீங்கள் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள், எடை எவ்வளவு குறைந்திருக்கிறது? அதை எழுதுங்கள்.