ஏழரை கிலோ கணக்கு ஏன் ஒன்பதாகிறது?

"திருமங்கலத்தில் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 60 லிட்டர் சிஎன்ஜி சிலிண்டர், 200 பார். பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் நான் PV = nRT போட்டால் ஏழரை கிலோதான் வருகிறது. பங்க்கில் காலி சிலிண்டருக்கு ஒன்பது கிலோ வரை பில் போடுகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?"

இந்த வித்தியாசத்தை வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. 200 பாரில் மீத்தேன் மூலக்கூறுகள் நெருங்கி நின்று ஒன்றையொன்று இழுக்கின்றன. அதனால் நல்லியல்பு வாயுவைவிட அதிகமாக அடைபடும். எவ்வளவு அதிகம் என்பதைச் சொல்வது அமுக்கத்திறன் காரணி Z.

மீத்தேனுக்கென்று தனி அட்டவணை தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு நிலைமாறு வெப்பநிலை உண்டு. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அந்தப் புள்ளியின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளவுகோலாக வைத்து, நம் வாயு அதற்கு எத்தனை மடங்கில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த மடங்குகள்தான் குறைத்த வெப்பநிலை Tr, குறைத்த அழுத்தம் Pr. வேறுவேறு வாயுக்களுக்கு இந்த இரண்டு மடங்குகளும் ஒரே அளவில் இருந்தால், Z-உம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். வான் டெர் வால்ஸ் 1880-இல் சொன்ன ஒத்த நிலைகளின் விதி இது.

மீத்தேனுக்கு நிலைமாறு மதிப்புகள் 190.6 கெல்வின், 46 பார். மதுரை வெயிலுக்கு 35 டிகிரி என்று வைப்போம்.

```
Tr = 308 / 190.6 = 1.62
Pr = 200 / 46 = 4.35
```

Tr, Pr வைத்து Z-ஐப் படிக்கும் பொது வரைபடத்தில் இந்த இடத்தில் Z சுமார் 0.84. சமன்பாடு PV = ZnRT ஆகிவிடுவதால், ஏழரையை அதால் வகுத்தால் 8.9 கிலோ. நைட்ரஜனை −69 டிகிரியில் 148 பாரில் வைத்தாலும் இதே மடங்குகள்தான் வரும், Z-உம் இதன் அருகேதான் இருக்கும்.

மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: செல்சியஸில் வகுப்பது. மீத்தேனின் நிலைமாறு வெப்பநிலை −82.6 டிகிரி, அதனால் விடையே எதிர்மறையாக வந்து நிற்கும். கெல்வின் கட்டாயம்.

எல்லா வாயுவுக்கும் இந்த விதி ஒத்துவராது. நிலைமாறு புள்ளியிலேயே Z-ஐப் பாருங்கள்: மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றுக்கும் 0.29-ஐ ஒட்டி வரும், நீராவிக்கோ 0.23தான். உருண்டையான எளிய மூலக்கூறுகளுக்கு நம்பலாம். நீர், அம்மோனியா போன்ற முனைவுள்ளவற்றுக்கு வெறும் வரைபடத்தை நம்பாதீர்கள். அதேபோல ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் நிலைமாறு மதிப்புகளோடு 8 கெல்வின், 8 வளிமண்டலம் கூட்டிக்கொண்டுதான் வகுக்க வேண்டும்.

அப்புறம், சிஎன்ஜி சுத்த மீத்தேன் அல்ல. ஈத்தேன் 5 விழுக்காடு என்று வைத்தால், இரண்டின் நிலைமாறு வெப்பநிலைகளையும் அந்த விகிதத்தில் சராசரி எடுக்க வேண்டும். 196 கெல்வின் வரும். Tr 1.57 ஆகிறது, Z இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.

நிரப்பி முடித்ததும் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில் காட்டும் 200 பாரைக் கணக்கில் போட்டால் எடை கூடுதலாக வரும். அரை மணி கழித்து, ஆறிய பிறகு முள் இறங்கி நிற்கும் அளவைப் போடுங்கள்.