மைக்ரேன் தலையிடியும் ஸ்கானில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளும்: வாசகர் கேள்விகள்

டொக்டர், எனக்கு 47 வயது. உப்புவெளியில் இருக்கிறேன், ஆசிரியை. இளவயதிலிருந்தே ஒற்றைத் தலையிடி உண்டு. இந்த வருடம் அது அடிக்கடி வருவதால் எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுத்தோம். மூளையில் ஏழெட்டுச் சிறு வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாகவும், சிறு இரத்தக்குழாய் மாற்றமாகவோ மயலின் பாதிப்பாகவோ இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மகன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறான். கணவர் அது பாரிசவாதத்தின் தொடக்கம் என்று பயப்படுகிறார். எனக்கு நித்திரையே இல்லை.

நீங்கள் அனுப்பிய ரிப்போட்டை வரிவரியாகப் படித்தேன். உங்களைப் பயமுறுத்திய அந்த ஒரு வரியைவிட மற்ற வரிகள்தான் கூடுதலாகச் சொல்கின்றன.

முதலில், ஏன் இரண்டு நோய்களின் பெயரையும் எழுதினார்கள்? ஸ்கானில் ஓரிடம் வெள்ளையாகத் தெரிந்தால், அந்த இடத்தில் நீர்த்தன்மை சற்றுக் கூடியிருக்கிறது என்றுதான் பொருள். வயது, பிரஷர், மைக்ரேன், மயலின் எனப்படும் நரம்பு உறையின் அழற்சி, எல்லாமே அப்படி ஒரு வெள்ளையை உண்டாக்கலாம். படம் பார்க்கும் வைத்தியர் உங்களை நேரில் பார்ப்பதில்லை. அதனால் இருக்கக்கூடிய காரணங்களை எழுதி, நோயாளியோடு பொருத்திப் பார்க்கும்படி விடுகிறார்.

சரி, பொருத்திப் பார்ப்போம். உங்கள் புள்ளிகள் இரண்டு பக்கமும் நெற்றிப்புற மூளையில், மேற்பட்டைக்குக் கொஞ்சம் கீழே சிதறி இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2, 3 மில்லிமீற்றர். மைக்ரேன் உள்ளவர்களிடம் வழக்கமாகக் காண்பது இதே இடம், இதே அளவுதான். மயலின் அழற்சியால் வரும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் தழும்புகள் பெரும்பாலும் இவற்றைவிடப் பெரியவை, முட்டை வடிவானவை. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் ஓரத்தில் செங்குத்தாக நிற்கும். இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்திலும், மூளைத்தண்டிலும், முள்ளந்தண்டு வடத்திலும் வரும். உங்கள் ரிப்போட்டில் அறைகளின் ஓரமும் பாலமும் மூளைத்தண்டும் வழமைபோல இருப்பதாக எழுதியிருக்கிறது.

படத்தைவிட முக்கியம், உங்களுக்கு நடந்தது என்ன என்பது. அந்த நோயில் ஒரு கண் சில நாட்களுக்குள் நோவோடு மங்கி, அப்படியே வாரக்கணக்கில் இருக்கும். கால் மரத்துப்போனால் ஒரு நாளைக்கு மேல் நீடிக்கும். உங்களுக்கு வருவதோ கண்முன் வளைந்து மினுங்கும் கோடு. இருபது நிமிடத்தில் மறைகிறது, பிறகு தலையிடி. அது மைக்ரேனின் முன்னறிகுறி. நரம்புப் பரிசோதனையும் சரியாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மகன் சொல்லும் நோய்க்கு இங்கே இடமில்லை.

கணவரின் பயத்துக்கும் பதில் உண்டு. புதிதாக இரத்தம் தடைப்பட்ட இடம் இருந்தால் டிஃபியூஷன் என்ற படத்தில் பளிச்சென்று தெரியும். பழையதென்றால் பெரும்பாலும் சிறு குழியாக இருக்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

நான் கவலைப்படுவது கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய விஷயத்தைப் பற்றித்தான். கோடீன் கலந்த பரசிற்றமோல் குளிசையை வாரத்தில் நாலு நாள் போடுகிறீர்கள். அப்படியென்றால் மாதத்துக்குப் பதினாறு நாள் வரும். கலப்பு மாத்திரைகளை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, வெறும் பரசிற்றமோலை 15 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டால், அந்தக் குளிசையே தலையிடியை வளர்க்கத் தொடங்கும். உங்கள் தலையிடி இந்த வருடம் கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். புள்ளிகளுக்கு வலியை உண்டாக்கும் தன்மை இல்லை. கிளினிக்கில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். குளிசையைக் குறைக்கும்போது ஒன்றிரண்டு வாரம் வலி கூடும், அதற்குத் தயாராக இருங்கள். கூடவே தினசரித் தடுப்பு மருந்து ஒன்று தேவைப்படும். புரோப்ரனலோல் தர நினைத்தால், ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்பார்கள், மறைக்காதீர்கள். இரவில் சிறிய அளவில் அமிற்றிப்ரிலின் இன்னொரு வழி.

ஒவ்வொரு தலையிடிக்கும் ஒரு புள்ளி விழுமா? அம்மாவுக்கு இப்போதே மறதி இருக்கிறது. (மூதூர்)

விழாது. நெதர்லாந்தில் மைக்ரேன் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஸ்கான் செய்து, ஒன்பது வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அந்த முடிவுகள் 2012இல் வந்தன. மைக்ரேன் உள்ள பெண்களுக்குப் புள்ளிகள் கொஞ்சம் கூடியிருந்தன. ஆனால் அப்படிக் கூடியதற்கும் எத்தனை தடவை தலையிடி வந்தது என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஞாபகசக்திச் சோதனைகளிலும் இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அம்மாவின் மறதிக்கு நித்திரைக் குறைவு, மனச்சோர்வு, தைரொயிட், விட்டமின் பி12 என்று வேறு காரணங்களைத் தேடுங்கள். புள்ளிகளின் தலையில் போட்டுவிட்டால் அவை கவனிக்கப்படாமலே போய்விடும்.

எனக்கு 54 வயது, கிண்ணியா. தலையிடியும் உண்டு, பிரஷரும் உண்டு, சிகரெட்டும் உண்டு. ரிப்போட்டில் பசேக்காஸ் 2 என்று இருக்கிறது. அஸ்பிரின் தொடங்கட்டுமா?

பசேக்காஸ் என்பது 0 முதல் 3 வரையான அளவுகோல். 1 என்றால் அங்கங்கே தனிப் புள்ளிகள், 2 என்றால் அவை ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன, 3 என்றால் பெரிய திட்டாகிவிட்டன. உங்கள் வயதில் 2 என்பதை மைக்ரேன் என்று சொல்லிக் கடந்துபோக நான் தயாராக இல்லை. அது சிறு இரத்தக்குழாய்கள் பிரஷரால் தடித்துப்போனதன் அடையாளமாக இருக்கவே வாய்ப்புக் கூட.

பாரிசவாதமோ மாரடைப்போ வராத ஒருவருக்கு, புள்ளிகளுக்காக மட்டும் அஸ்பிரின் கொடுப்பதில்லை. பயன் தெளிவில்லை, இரத்தக்கசிவு ஆபத்து மட்டும் நிச்சயம். உங்களுக்கான மருந்து பிரஷரைக் குறைப்பதுதான். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமர்ந்தபின் அளந்து எழுதுங்கள். சராசரி 135/85க்கு மேல் போனால் மருந்தை மாற்ற வேண்டும். சீனியையும் கொலஸ்ரோலையும் சோதியுங்கள். சிகரெட்டை விடுங்கள், இதை மன்றாட்டமாகவே கேட்கிறேன்.

அப்புறம் ஒன்று. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஐம்பது வயதுக்குள் பாரிசவாதமோ அறிவுமாறாட்டமோ வந்திருந்தால் நரம்பியல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மைக்ரேனோடு சேர்ந்து பரம்பரையாக வரும் இரத்தக்குழாய் நோய் ஒன்று உண்டு. அரிதுதான். அதில் பொட்டுப்பக்க மூளையின் முன்முனையும் வெள்ளையாகத் தெரியும்.

கண்முன் மினுங்கல் வந்து பிறகு தலையிடி வரும். ஸ்கானில் மூன்று புள்ளி. கர்ப்பத்தடைக் குளிசை எடுக்கிறேன், வயது 41. (தம்பலகாமம்)

தங்கச்சி, மூன்று புள்ளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தக் குளிசையைப் பற்றித்தான் கவலை. முன்னறிகுறியோடு வரும் மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசை அதை மேலும் கூட்டும். ஸ்கான் சுத்தமாக இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். குடும்பநல மருத்துவமாதுவிடம் பெட்டியைக் காட்டி, ஈஸ்ட்ரஜன் இல்லாத முறைக்கு மாறுங்கள். புரொஜெஸ்ரஜன் மட்டும் உள்ள குளிசை, கருப்பைக்குள் வைக்கும் வளையம் என்று வழிகள் இருக்கின்றன. மாறும்வரை இடைவெளி விடாமல் வேறு பாதுகாப்பைப் பாவியுங்கள்.

வருடாவருடம் ஸ்கான் எடுக்க வேண்டுமா? (நிலாவெளி)

வேண்டாம், வழக்கமான மைக்ரேனும் சரியான நரம்புப் பரிசோதனையும் இருந்தால். திரும்ப எடுத்தால் ஒரு புள்ளி கூடவோ குறையவோ தெரியலாம், சிகிச்சை மாறாது. தலையிடியின் குணம் மாறினால் கதை வேறு: நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும், குறையாத கை கால் பலவீனம், பேச்சுக் குழறல். இவை வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையில் ரிப்போட் கடதாசியோடு பழைய ஸ்கானின் சீடியையும் கொண்டு போங்கள். புதுப் படத்தைப் பழையதோடு ஒப்பிட அது இருந்தால்தான் முடியும்.